‘இதுல தேங்கா கொள்ளுமா? எந்தப் பக்கம் வரணும்?’
முதல் முறை ஸ்டால் போடும் குழுப் பெண்களுக்குச் சில அறிவுரைகள்

நவராத்திரிக்கு முந்தின வாரங்களில் அடையாறு, மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டைப் பக்கம் மண்டபம் மண்டபமாக விற்பனைக் கண்காட்சி நடக்கும். சுய உதவிக் குழுக்களுக்கு அதில் ஒரு மேசை கிடைப்பது இப்போது முன்போல் கஷ்டமில்லை. பகுதி அளவிலான கூட்டமைப்பு வழியாகக் கிடைக்கிறது. குடியிருப்புச் சங்கங்களும் கூப்பிடுகின்றன. மேசை கிடைத்ததும் பெண்கள் என்னிடம் ஒரு நோட்டீஸ் எழுதிக்கொண்டு வருவார்கள். அநேகமாக அதில் இப்படித்தான் இருக்கும்: ‘மகளிர் சுய உதவிக் குழுவின் மாபெரும் கைவினைப் பொருள் கண்காட்சி! தரமான, அழகான தயாரிப்புகள்! குறைந்த விலை! அனைவரும் வாரீர்! இடம்: அடையாறு.’

இதைப் படிக்கிறவளுக்கு என்ன பொருள், என்ன விலை, எங்கே வருவது என்று ஒன்றும் தெரியாது. கை வலிக்க வலிக்க முடைந்த பொருள், இந்த நாலு வரியால் மேசையிலேயே தங்கிவிடுகிறது. கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த நாலு வரியைத் திருத்துவது பற்றித்தான்.

1. யாருக்கு எழுதுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

‘அனைவரும் வாரீர்’ என்றால் யாரும் தன்னைக் கூப்பிட்டதாக நினைப்பதில்லை. நீங்கள் போடும் கண்காட்சிக்கு யார் வருவார்கள் என்று யோசித்து, அந்த ஒருத்திக்கு எழுதுங்கள்.

கல்லூரிச் சந்தை என்றால் வருகிறவர்கள் மாணவிகள். கையில் இருப்பது நூறு, நூற்றைம்பது ரூபாய். ஒரு ஜோடி சுடுமண் கம்மல் வாங்குவார்கள், ஒரு சுருக்குப் பை வாங்குவார்கள். அங்கே ‘ஐம்பது ரூபாயிலிருந்து’ என்ற ஒரு வரி போதும். வள்ளுவர் கோட்டம் பக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தும் கண்காட்சிக்கு ஊரெங்கிலும் இருந்து ஆள் வரும். பல மாவட்டத்துக் குழுக்கள் வரிசையாக இருப்பதால், அங்கே ‘நாங்கள் எந்த ஊர், என்ன கைவேலை’ என்று சொல்வதுதான் ஆளை நிறுத்தும்.

அடையாற்றில் புரட்டாசி மாதத்தில் மேசை போடும்போது, உங்கள் ஆள் கொலு வைக்கும் வீட்டு அம்மா. அவளுக்கு ஒரு பொருள் போதாது. கொலு பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் தாம்பூலத்தோடு ஏதாவது கொடுக்க வேண்டும். இருபதோ முப்பதோ ஐம்பதோ, எல்லாம் ஒரே மாதிரியாக, ஒரே விலையில், குறித்த நாளுக்குள் வேண்டும். போன வருஷம் கொடுத்த பிளாஸ்டிக் டப்பாவை இந்த வருஷமும் கொடுக்க அவளுக்கு மனமில்லை. இந்த ஒருத்தி வந்தால், ஒரு நாள் முழுக்க ஒன்றிரண்டாக வாங்கிப் போகிறவர்கள் கொடுக்கும் வியாபாரத்தை ஒரே கையில் கொடுத்துவிட்டுப் போவாள். நோட்டீஸின் முதல் வரி அவளுக்கானது: ‘கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, பனையோலைக் கொட்டான்.’ அவ்வளவுதான்.

2. மூன்று பொருளுக்கு மேல் நோட்டீஸில் ஏற்றாதீர்கள். முதல் பொருளுக்கு மட்டும் இடம் தாராளமாகக் கொடுங்கள்.

குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தால் பன்னிரண்டு பேர் செய்ததும் நோட்டீஸில் வர வேண்டும் என்று வீட்டுக்குப் போகும்வரை சண்டை நடக்கும். அது நியாயமான ஆசைதான். ஆனால் பன்னிரண்டு பெயரை வரிசையாகப் போட்டால் ஒன்றும் மனசில் நிற்காது. மேசையில் எல்லாவற்றையும் வையுங்கள். ஆளை மேசைவரை இழுத்து வருவதற்கு ஒரு பொருள், துணைக்கு இரண்டு, அது போதும்.

அந்த முதல் பொருளை எப்படி எழுதுவது என்பதுதான் கைத்தொழில். கொட்டானையே எடுத்துக்கொள்வோம். ‘அழகிய பனையோலைக் கொட்டான்’ என்று எழுதினால் கொட்டான் எவ்வளவு பெரியது என்று தெரியாது. ‘6 அங்குலம்’ என்று எழுதினால் அளவு தெரியும், ஆனால் கையை விரித்துப் பார்த்தால்தான் புரியும். மேசைக்கு வருகிற அம்மா கொட்டானைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்கிற கேள்வி என்ன தெரியுமா? ‘ஏம்மா, இதுல தேங்கா கொள்ளுமா?’ இந்தக் கேள்விக்கு நோட்டீஸிலேயே பதில் இருக்க வேண்டும். ஒரு முழுத் தேங்காய், எட்டாக மடித்த ரவிக்கைத் துணி, வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமப் பொட்டலம் இவ்வளவையும் உங்கள் கொட்டானில் நீங்களே வைத்துப் பாருங்கள். மூடி மூடுகிறதா? மூடவில்லை என்றால் அதைச் சொல்லி எழுதுங்கள்: ‘தேங்காய்க்குப் பதில் வாழைப்பழம், மாதுளை வைத்தால் மூடி மூடும்.’ தேங்காய் வைக்க வேண்டும் என்கிறவள் பெரிய அளவைக் கேட்பாள். ‘இதுவும் இருக்கிறது’ என்று எடுத்துக் காட்டலாம்.

இதற்கு அடுத்து அவள் கேட்பது, கொடுத்த பிறகு வாங்கினவள் அதை என்ன செய்வாள் என்பது. கொட்டான் பூஜை அறையில் பூ வைக்க உதவும், வளையல் போட்டு வைக்க உதவும். இதை ஒரு வரியாக எழுதுங்கள். ‘பல பயன்களுக்கு ஏற்றது’ என்று எழுதாதீர்கள். அந்த வரியை எந்தக் கடைக்காரனும் எந்தப் பொருளுக்கும் எழுதலாம்.

துணைப் பொருள்களுக்கு ஒவ்வொரு வரி. சுருக்குப் பை என்றால் என்ன துணி, நாடா பருத்தியா நைலானா என்பது. காடாத் துணிப் பை முதல் துவைப்பில் சுருங்கும். தைப்பதற்கு முன்பே நனைத்துக் காயவைத்த துணியாக இருந்தால் அதுவே சொல்லத்தக்க சிறப்பு. ‘நனைத்துத் தைத்தது, சுருங்காது’ என்ற மூன்று சொல்லுக்கு விவரம் தெரிந்த பெண்கள் மதிப்புக் கொடுப்பார்கள். சுடுமண் நகை என்றால் எடை. காதுக்குக் கனமாக இருக்குமோ என்பதுதான் வாங்குகிறவளின் ஒரே பயம். சமையலறைத் தராசில் வைத்து, ஜோடி எத்தனை கிராம் என்று எழுதிவிடுங்கள்.

3. மேசையில் நிரூபிக்க முடியாததை நோட்டீஸில் எழுதாதீர்கள்.

மூன்று இடத்தில் இது இடறும்.

முதலாவது, ஊர்ப் பெயர். செட்டிநாடு கொட்டான், பத்தமடைப் பாய் இவை புவிசார் குறியீடு பெற்றவை. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பெயரைச் சொல்லி விற்க, அந்தப் பகுதியில் செய்து, பயன்படுத்துவோராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். அழிந்துபோக இருந்த செட்டிநாடு கொட்டான் கைவேலையைக் காரைக்குடிப் பக்கத்துப் பெண்களுக்கு மறுபடி கற்றுக்கொடுத்து நிமிர்த்தியது எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை. அந்தப் பெண்களின் உழைப்பு அந்தப் பெயருக்குள் இருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து நீங்கள் முடைந்தது நன்றாகவே இருக்கலாம். ஆனாலும் அதைப் ‘பனையோலைக் கொட்டான்’ என்றே எழுதுங்கள். காரைக்குடிக் குழுவிடம் வாங்கி விற்கிறீர்கள் என்றால், அதை அப்படியே சொல்லுங்கள். கொட்டானின் மதிப்பு அதனால் ஏறும்.

இரண்டாவது, சாயம். ‘இயற்கைச் சாயம்’ என்று எழுதுவது ஒரு பழக்கமாகிவிட்டது. ஓலைக்குக் குழுக்கள் போடுகிற சிவப்பும் பச்சையும் அநேகமாகக் கடையில் வாங்கிக் கொதிக்கிற நீரில் கரைக்கிற பொடிதான். அதில் குற்றம் ஒன்றுமில்லை, இயற்கை என்று சொல்லாத வரையில். அதைவிட முக்கியமானது சாயம் ஒட்டுமா என்பது. வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, கொட்டானின் உள்பக்கம் அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் ஓலையைச் சாயத்தில் போட்ட பிறகு சரியாக அலசவில்லை என்று அர்த்தம். அந்தக் கொட்டானில் ரவிக்கைத் துணியை வைத்துக் கொடுத்தால் துணி கெட்டுப்போகும், உங்கள் பெயரும் கெடும். துணியில் நிறம் ஏறவில்லை என்றால் ‘சாயம் ஒட்டாது’ என்று தைரியமாக எழுதுங்கள். மேசையில் ஒரு ஈரத் துணியும் வைத்திருங்கள், கேட்கிறவள் தானே தேய்த்துப் பார்க்கட்டும்.

மூன்றாவது, பூசணம். நவராத்திரி வருவது சென்னையில் சாயங்கால மழை பெய்கிற காலம். குருத்தோலையை எவ்வளவு காயவைத்தாலும், முடைவதற்கு முன் ஒடியாமல் இருக்க ஈரப்படுத்துகிறோம். முடைந்த பிறகு அந்த ஈரம் போக மறுபடி உலர்த்தாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி அடுக்கினால், கண்காட்சிக்கு எடுக்கும்போது உள்மூலையில் சாம்பல் நிறப் புள்ளி தெரியும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரியும். மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். ஓலை வாசனை வந்தால் சரி, ஈரத் துணியின் வாசனை வந்தால் அதை மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள். நோட்டீஸில் ‘பல வருஷம் உழைக்கும்’ என்று எழுதுவதைவிட, ‘நனைந்தால் உடனே நிழலில் காற்றாட உலர்த்தவும்’ என்று ஒரு சீட்டு கொட்டானுக்குள் போட்டுக் கொடுப்பது மேல்.

4. படம் ஒன்று போதும்.

வெறும் கொட்டானைப் படம் எடுக்காதீர்கள். தேங்காய், வெற்றிலை, ரவிக்கைத் துணி வைத்து எடுங்கள். தேங்காய் எவ்வளவு பெரியது என்று எல்லோருக்கும் தெரியும், அளவு தானாக விளங்கிவிடும். காலை பத்து மணிக்கு முன்னால், ஜன்னல் ஓரத்தில், பின்னால் வெள்ளைச் சுவரோ பழைய வேட்டியோ இருந்தால் போதும். மேலே பூப்பூவாக எழுத்தும் மின்னுகிற நட்சத்திரமும் போடுகிற செயலிகளை விட்டுவிடுங்கள். ஓலையின் நிறம் அதில் மாறிவிடும். நேரில் வந்தவள் ‘படத்துல இருந்தது இது இல்லையே’ என்பாள்.

5. விலையை மறைக்காதீர்கள்.

‘விலைக்கு நேரில் வரவும்’ என்று எழுதினால், நம் ஊரில் அதற்கு ‘விலை அதிகம்’ என்றுதான் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். ஒன்றின் விலை, இருபத்தைந்துக்கு மேல் எடுத்தால் என்ன விலை, இரண்டையும் போடுங்கள். மொத்த விலையைக் குழுவில் உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்து தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். மேசையில் இருக்கும் சின்னப் பெண்ணிடம் யாராவது பேரம் பேசி இறக்கிவிட்டால், முடைந்தவளுக்குக் கூலி குறையும். விலை அச்சில் இருந்தால் அவள் அதைக் காட்டி நிற்கலாம்.

6. வழி சொல்வதற்கு, பொருளைச் சொன்ன அளவு இடம் கொடுங்கள்.

‘இடம்: அடையாறு’ என்பது விலாசம் அல்ல. அடையாறு என்று நாம் சொல்வதற்குள் காந்தி நகர், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், சாஸ்திரி நகர், பத்மநாப நகர் எல்லாம் அடங்கும். இந்த நகர்களைத் திட்டம் போட்டு அமைத்தவர்கள் தெருவுக்கு எண்தான் வைத்தார்கள். அதனால் காந்தி நகரில் ஒரு முதல் மெயின் ரோடு, கஸ்தூரிபா நகரில் ஒன்று, இந்திரா நகரில் ஒன்று. மூன்றுக்கும் பின்கோடு 600020தான். ‘முதல் மெயின் ரோடு, அடையாறு, சென்னை 20’ என்று எழுதினால் ஆட்டோக்காரர் மூன்றில் ஒன்றில் இறக்கிவிடுவார். நகரின் பெயர் இல்லாமல் தெருவின் பெயரை எழுதவே கூடாது. கதவு எண்ணிலும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. கட்டடத்தின் வாசலில் எது பெரிதாக எழுதியிருக்கிறதோ அதைப் போடுங்கள்.

இன்னொரு குழப்பம், ‘அடையார் கேட்’. அது ஆற்றுக்கு இந்தப் பக்கமே இல்லை, ஆழ்வார்பேட்டையை ஒட்டி டி.டி.கே. சாலையில் இருக்கிற பஸ் ஸ்டாப். புதிதாக வருகிறவர்கள் அடையாறு என்று கேட்டு அங்கே இறங்கிவிடுவது உண்டு. சாலைப் பெயரிலும் கவனம் வேண்டும். பலகையில் டாக்டர் முத்துலட்சுமி சாலை என்றிருக்கும், பேச்சில் எல்லோருக்கும் அது எல்.பி. ரோடு. இரண்டையும் எழுதுங்கள்.

ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். மண்டபம் கஸ்தூரிபா நகருக்குள், ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் எங்கிருந்து வருவார்கள்? மயிலாப்பூர், தி.நகர், பெசன்ட் நகர், இந்த மூன்று திசை போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.

மயிலாப்பூர்க்காரர்களுக்குப் பறக்கும் ரயில் இருக்கிறது. திருமயிலையில் ஏறினால் மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, கோட்டூர்புரம், அடுத்தது கஸ்தூரிபா நகர். இறங்கி எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும், எத்தனை நிமிஷம் நடை என்று எழுதுங்கள். அந்த நடையை வயதான ஒரு அம்மாவை அழைத்துக்கொண்டு நடந்து பார்த்து எழுதுங்கள். நமக்கு எட்டு நிமிஷம் என்பது அவளுக்குப் பதினைந்து.

தி.நகரிலிருந்து வருகிறவர்கள் அநேகமாக ஆட்டோ, கார். கோட்டூர்புரம் வழியாகவோ கிண்டி வழியாகவோ வந்தால் சர்தார் படேல் சாலையில் மத்திய கைலாசம் கோயில் வரும். அவர்களுக்கு எழுத வேண்டியது: ‘அடையாறு சிக்னல் வரை போக வேண்டாம்.’ இந்த ஒரு வரி அவர்களைக் கால் மணி நேர நெரிசலிலிருந்து காப்பாற்றும். ஆனால் கஸ்தூரிபா நகருக்குள் வலப்பக்கம் திரும்ப எங்கே வழி விட்டிருக்கிறார்கள், யூ-டர்ன் எங்கே என்பதைக் கண்காட்சிக்கு முந்தின நாள் போய்ப் பார்க்காமல் எழுதாதீர்கள். மெட்ரோ ரயில் வேலை தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கம் தடுப்புகள் இடம் மாறுகின்றன, பஸ் ஸ்டாப்பும் தள்ளிப் போகிறது. போன வருஷத்து நோட்டீஸிலிருந்து வழியை எடுத்து ஒட்டுவது ஆபத்து.

பெசன்ட் நகர், சாஸ்திரி நகரிலிருந்து வருகிறவர்கள் எல்.பி. ரோட்டைத் தாண்ட வேண்டும். நடந்து வருகிறவர்களுக்கு எந்த இடத்தில் பாதுகாப்பாகத் தாண்டலாம் என்று சொன்னால் போதும்.

பஸ் நம்பர்களை வரிசையாக அடுக்க வேண்டாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் பஸ்ஸில் ஏறி எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்பது போதும். நம்பர் மாறும், ஸ்டாப்பின் பெயர் நிற்கும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நாலு பை நிறையக் கொட்டானோடு திரும்புகிறவளுக்கு ஆட்டோ எங்கே கிடைக்கும் என்பது தெரியாது, அதை எழுதுங்கள்.

அடையாளத்துக்குக் கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பாலம் இவற்றைச் சொல்லுங்கள். துணிக்கடை, டீக்கடை அடுத்த வருஷம் இருக்காது. கைபேசியில் இடத்தைக் குறித்து அனுப்பும்போது மண்டபத்தின் நடுவில் நின்று குறிக்காமல், வாசல் கேட்டில் நின்று குறியுங்கள். சில மண்டபங்களுக்கு இரண்டு தெருவில் வாசல் இருக்கும். மேப் மூடியிருக்கிற பின்வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், வெயிலில் யாரும் சுற்றி வரமாட்டார்கள்.

7. மண்டபத்துக்குள்ளேயும் வழி உண்டு.

ஏற்பாடு செய்கிறவர்கள் மண்டபத்தின் பெயரை விளம்பரப்படுத்துவார்கள். உங்கள் மேசையை யாரும் விளம்பரப்படுத்தமாட்டார்கள். ஸ்டால் எண்ணோடு இடத்தையும் சொல்லுங்கள்: ‘தரைத்தளம், மேடைக்கு இடப்பக்கம், மூன்றாவது மேசை.’ எண் முதல் நாள் காலையில்தான் கிடைக்கும் என்றால், கிடைத்தவுடன் மேசையிலிருந்து வாசலைப் பார்த்து ஒரு படம் எடுத்து, எண்ணோடு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எல்லாருக்கும் ஒரே நிறப் புடவை என்று குழுவில் முடிவு செய்திருந்தால் ‘மஞ்சள் புடவை’ என்று எழுதலாம். கூட்டத்தில் எண் தெரியாது, நிறம் தெரியும்.

8. தொலைபேசி எண்ணுக்குத் தனி சிம்.

ஒரு பெண்ணின் சொந்த எண்ணை நோட்டீஸில் போட்டால், அது ஊர் முழுக்கப் போய், கண்காட்சி முடிந்த பிறகும் ராத்திரி பத்து மணிக்கு யாராவது கூப்பிடுவார்கள். குழுச் செலவில் ஒரு சிம் வாங்கி, மேசையில் இருக்கிறவள் கையில் அதைக் கொடுங்கள். ‘காலை 10 முதல் மாலை 7 வரை’ என்று எண்ணின் பக்கத்தில் எழுதுங்கள். அந்த நேரத்தில் எடுக்கிறவளுக்கு மூன்று கேள்விக்கு விடை மனப்பாடமாக இருக்க வேண்டும்: தேங்காய் கொள்ளுமா, முப்பது எண்ணிக்கை என்றால் என்ன விலை, எந்தப் பக்கம் வருவது. அதே மாதிரி, பணம் வாங்குகிற க்யூஆர் அட்டை குழுக் கணக்கில் போய்ச் சேர்வதாக இருக்கட்டும். வங்கியில் ஊக்குநரும் பிரதிநிதிகளும் சேர்ந்து போய்க் கேட்டால், வரவுக்கு மட்டும் அப்படி ஒன்று ஏற்பாடு செய்ய முடியுமா என்று சொல்வார்கள். ஒருத்தியின் சொந்தக் கணக்கில் வாங்கினால் முதல் நாள் சாயங்காலமே கணக்கு குழம்பும்.

9. எப்போது, எங்கே கொடுப்பது.

முதல் நோட்டீஸ் கண்காட்சிக்குப் பத்து நாள் முன்னால் போக வேண்டும். முப்பது கொட்டான் வேண்டுகிறவள் முன்கூட்டியே சொன்னால்தான் உங்களால் முடைந்து கொடுக்க முடியும். இரண்டாவது முந்தின நாள் சாயங்காலம், வழியோடு. மூன்றாவது அன்று காலை, ஸ்டால் எண்ணோடு. அதற்கு மேல் அனுப்பினால் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து உங்களை எடுத்துவிடுவார்கள்.

அச்சடித்த நோட்டீஸை அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் அறிவிப்புப் பலகையில், செயலாளரிடம் கேட்டு ஒட்டுங்கள். கோயில்களில் அலுவலகத்தில் கேட்டால் சில இடத்தில் அனுமதிப்பார்கள். தெருச் சுவரிலும் மின் பெட்டியிலும் ஒட்டாதீர்கள். பொது இடங்களை அப்படி அசிங்கப்படுத்துவதை 1959ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. நோட்டீஸில் இருப்பது உங்கள் எண் என்பதால் கேள்வியும் உங்களிடம்தான் வரும்.

இவ்வளவையும் சேர்த்தால் நோட்டீஸ் இப்படி வரும்:

‘கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, பனையோலைக் கொட்டான். ஒரு தேங்காய், ரவிக்கைத் துணி, வெற்றிலை பாக்கு அடங்கும். சாயம் ஒட்டாது, தேய்த்துப் பார்த்து வாங்கலாம். ஒன்று … ரூபாய், 25க்கு மேல் … ரூபாய். மொத்தமாக வேண்டுமானால் … தேதிக்குள் … எண்ணில், காலை 10 முதல் மாலை 7 வரை சொல்லவும். நனைத்துத் தைத்த சுருக்குப் பை, ஜோடி … கிராம் சுடுமண் கம்மல் உண்டு. … மண்டபம், … குறுக்குத் தெரு, கஸ்தூரிபா நகர், அடையாறு. பறக்கும் ரயிலில் கஸ்தூரிபா நகர் ஸ்டேஷனிலிருந்து … நிமிஷ நடை. தி.நகரிலிருந்து வருகிறவர்கள் மத்திய கைலாசம் வழியாக வரவும், அடையாறு சிக்னல் வேண்டாம். தரைத்தளம், மேடைக்கு இடப்பக்கம். மழை பெய்தாலும் நடக்கும், மூடிய மண்டபம்.’

இதைக் குழுவில் இல்லாத ஒருத்தியிடம், அதுவும் அடையாறு தெரியாத ஒருத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவள் கேட்கிற முதல் கேள்வியை அதில் சேர்த்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

10. தீர்ந்துபோனால் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் நாள் மதியமே கொட்டான் தீர்ந்துவிடலாம். அந்த நிமிஷமே வாட்ஸ்அப்பில் அதைச் சொல்லுங்கள். ‘கொட்டான் தீர்ந்தது. பை, கம்மல் உண்டு. கொட்டானுக்கு ஆர்டர் எடுக்கிறோம், சரஸ்வதி பூஜைக்கு முன் கிடைக்கும்.’ பெசன்ட் நகரிலிருந்து ஆட்டோவில் வந்து வெறும் மேசையைப் பார்த்தவள் அடுத்த வருஷம் வரமாட்டாள். ஆர்டர் எடுக்கும்போதும் கையிருப்பு ஓலையை எண்ணிப் பார்த்துவிட்டு எடுங்கள். குருத்தோலை நமக்குத் தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வருவது, நினைத்த நாளில் சென்னையில் கிடைக்காது. முன்பணம் பாதி வாங்கி, ரசீதில் எண்ணிக்கை, நிறம், கொடுக்கும் தேதி மூன்றையும் எழுதுங்கள்.

மேசையில் ஒரு நோட்டு வைத்து, வாங்குகிற ஒவ்வொருவரிடமும் ‘எப்படித் தெரிஞ்சு வந்தீங்கம்மா?’ என்று கேட்டு ஒரு கோடு போடுங்கள். குடியிருப்பு வாட்ஸ்அப், பலகை, கண்காட்சிக்கு வேறு எதற்கோ வந்தவர், போன வருஷம் வாங்கினவர் என்று நாலு பத்தி போதும். அடுத்த முறை அச்சுக்கூலி எங்கே போட வேண்டும் என்பதை அந்த நோட்டு சொல்லும்.

கண்காட்சி முடிந்த மறுநாள், ஒட்டிய இடமெல்லாம் போய் நோட்டீஸைக் கழற்றிவிட்டு, அந்தச் சங்கச் செயலாளரிடம் ஒரு கொட்டானைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.